சொல் கெடுகிறதா, குரல் கெடுகிறதா: தமிழ்ப் பேச்சொலியில் பழுது எந்தப் பாதியில்?

*ஐயா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் குரலை 5 மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். கண் பார்வை மங்கிய பெரியவர்களுக்குச் செய்தித்தாளை அந்தக் குரலில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது திட்டம். டாக்கோட்ரான் 2-ஐ அந்தப் பதிவில் பயிற்றுவித்தேன். வோகோடராக, ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஹைஃபை-கானை அப்படியே பயன்படுத்துகிறேன். குரல் அவருடையதுதான். ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இரைகிறது, நீளமான வாக்கியங்களில் சொற்களை விழுங்குகிறது, பத்து காஜா, கம்போங் போன்ற பெயர்களைத் தவறாக உச்சரிக்கிறது. எந்தப் பாதியைத் திருத்துவது? இன்னும் அதிகமாகப் பதிவு செய்ய வேண்டுமா?*

இன்னும் 5 மணி நேரம் பதிவு செய்ய ஆசிரியையை இப்போதே உட்கார வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறப்பவை. அவற்றில் பதிவின் அளவோடு தொடர்புடையது ஒன்றே ஒன்றுதான், அதற்கும் வேறு வழி இருக்கிறது.

முதலில் டாக்கோட்ரான், வோகோடர் ஆகிய இரண்டு பாதிகளுக்கும் இடையே கைமாறுவது என்ன என்பதைப் பார்ப்போம். ஹைஃபை-கானின் வழக்கமான அமைப்பில் ஒரு விநாடி ஒலி என்பது 22,050 எண்கள். அதில் 256 எண்களுக்கு ஒரு சட்டம் என்று நகர்ந்து, ஒவ்வொரு சட்டத்திலும் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை 80 பட்டைகளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் கிடைப்பதுதான் மெல் படம். ஒரு சட்டம் சுமார் 11.6 மில்லி விநாடி, விநாடிக்கு ஏறத்தாழ 86 சட்டங்கள். உங்கள் ஆசிரியை 4 விநாடியில் வாசிக்கும் ஒரு வாக்கியத்துக்கு 345 சட்டங்கள் வரும். டாக்கோட்ரான் எழுத்தைப் பார்த்து அந்த 345 சட்டங்களை வரைகிறது. வோகோடர் அந்தப் படத்தைப் பார்த்து 88,000-க்கும் மேற்பட்ட அலை எண்களை எழுதுகிறது.

எந்தச் சொல்லை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் சொல்வது என்ற முடிவுகள் எல்லாம் படம் வரையும்போதே முடிந்துவிடுகின்றன. வோகோடருக்கு எழுத்து தெரியாது. அது படத்தில் தன் கண்ணுக்கு எட்டும் சிறு துண்டை மட்டும் பார்த்து, அதற்குப் பொருந்தும் அலையைக் கட்டுகிறது. ஆகவே சொல் விழுங்கப்பட்டால் அந்தப் பழியை வோகோடர் மீது போட முடியாது. குரல் இரைந்தால் மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. குற்றம் வோகோடரிலும் இருக்கலாம், அதற்குக் கிடைத்த படத்திலும் இருக்கலாம், பதிவிலேயே கூட இருக்கலாம்.

பதிவிலிருந்தே தொடங்குங்கள். என் முதல் முயற்சியில் ஒரு தகரக் கூரை மண்டபத்தில் பதிவு செய்தேன். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும் நாட்கள் அவை. லேசான தூறல்தானே என்று நிறுத்தாமல் தொடர்ந்தோம். கேட்கும்போது காது அந்தத் தூறலைத் தள்ளிவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டது. கணினியோ தூறலையும் குரலின் ஒரு பகுதியாகவே கற்றுக்கொண்டது. மாதிரிக் கோப்புகள் பத்தை எடுத்து, நல்ல ஹெட்போனில், சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். அங்கே மின்விசிறியோ மழையோ கேட்டால் அந்தக் கோப்புகளை ஒதுக்கிவிடுங்கள். 5 மணி நேரம் 4 மணி நேரமாகக் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது இரைச்சல். இதற்கு ஒரே வாக்கியத்தை மூன்று வழிகளில் வோகோடருக்குக் கொடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த வாக்கியமாக அது இருக்கட்டும்.

முதல் வழியில் ஆசிரியையின் உண்மையான பதிவிலிருந்து மெல் படம் எடுத்து, அதை வோகோடருக்குக் கொடுக்கிறோம். டாக்கோட்ரானுக்கு இதில் வேலையே இல்லை. இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள், நானும் செய்து இரண்டு வாரங்களை இழந்தேன். ஹைஃபை-கானுடன் வரும் `inference.py` ஒலிக் கோப்பை வாங்கிக்கொண்டு, மெல் படத்தைத் தன்னுடைய நிரலிலேயே கணக்கிட்டுக்கொள்கிறது. அதனால் முடிவு அருமையாக வரும், வோகோடர் சரி என்று நாமும் நம்பிவிடுவோம். ஆனால் உங்கள் டாக்கோட்ரான் பயின்ற படங்கள் வேறொரு நிரலில் கணக்கிடப்பட்டிருக்கலாம். ஆகவே டாக்கோட்ரான் பயிற்சிக்கு எந்த நிரல் படம் எடுத்துக் கொடுத்ததோ அதே நிரலால் அந்தப் பதிவின் படத்தை எடுத்து, `.npy` கோப்பாகச் சேமித்து, `inference_e2e.py` வழியாகக் கொடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னது தெளிவாகவும் பின்னது இரைச்சலாகவும் இருந்தால், இரண்டு பாதிகளும் வெவ்வேறு அளவுகோல்களில் பேசிக்கொள்கின்றன என்று பொருள். ஒரு வரியில் இதைக் கண்ணாலும் பார்த்துவிடலாம்:

```python
print(mel.shape, mel.min(), mel.max())
```

ஹைஃபை-கான் எதிர்பார்ப்பது இயல்மடக்கை. ஆற்றல் 0.00001-க்குக் கீழே போகாமல் வெட்டப்படுவதால் முழு அமைதி −11.5 என்று பதிவாகும். உங்கள் கருவித்தொகுப்பு பத்தடி மடக்கையைப் பயன்படுத்தினால் அதே அமைதி −5 என்று வரும். வோகோடர் அந்த −5-ஐத் தன் அளவுகோலில் படிக்கும்போது அது 0.0067 ஆகிவிடுகிறது, அதாவது இருக்க வேண்டியதைப் போல 670 மடங்கு. சத்தமான இடங்கள் பெரிதாக மாறுவதில்லை, அமைதியான இடங்கள்தான் மேலே எழும்புகின்றன. சொற்களுக்கு நடுவே காற்று சீறும். அதைவிடத் தமிழுக்குப் பெரிய சேதம் ஒன்று உண்டு. க், ட், த், ப் ஆகியவற்றைச் சொல்லும்போது வாய் அடைபடும் அந்த நொடிப்பொழுது அமைதியும் இரைச்சலால் நிரம்பிவிடும். ‘அக்கா’ என்பதில் அந்த அடைப்பு நன்றாக நீண்டு, படத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். அது சாம்பல் நிறமாகத் தெரிந்தால் காதுக்கு இரட்டிப்பு மங்கிவிடும். அதேபோல வோகோடர் 0 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை 80 பட்டைகளைப் பிரித்திருக்க, உங்கள் படம் 11,025 வரை பிரித்திருந்தால், ஆசிரியையின் குரல் வேறொருவர் தொண்டையிலிருந்து வருவது போல ஒலிக்கும். குரல் அவருடையதுதான் என்று நீங்கள் உறுதியாகச் சொல்வதால் உங்களிடம் இது நேரவில்லை என்று கருதுகிறேன். ஆனாலும் அந்த ஒரு வரியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழியில் டாக்கோட்ரான் படம் வரையட்டும், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு சட்டத்தை வரையும்போதும் அதற்கு முந்தைய சட்டமாக, அது தானே வரைந்ததை அல்லாமல் உண்மைப் பதிவின் சட்டத்தைக் கொடுக்கிறோம். டீச்சர் ஃபோர்சிங் என்பது இதுதான். மூன்றாவது வழி, எழுத்தை மட்டும் கொடுத்துச் சுதந்திரமாக வரையவிடுவது, அதாவது நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது.

முதல் வழி தெளிவாக இருந்து, இரண்டாவதிலேயே தகர ஒலி தொடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு இதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்குக் காரணம் டாக்கோட்ரான் கற்ற விதம். ஒரே சொல்லை ஒருவர் நூறு முறை சொன்னால் நூறும் சிறிது சிறிது வேறுபடும். தவறின் வர்க்கத்தைக் குறைக்கும்படி பயின்ற நரம்பியல் வலை அந்த நூறுக்கும் நடுவான ஒன்றை வரையும். நடுவானது மங்கலானது. உயிரெழுத்துகளில் கோடு கோடாகத் தெரிய வேண்டிய இசைவுகள், முக்கியமாக உயர்ந்த பட்டைகளில், ஈரத்தில் பட்ட மை போலப் பரவியிருக்கும். வோகோடரோ தன் வாழ்நாளில் கூர்மையான உண்மைப் படங்களை மட்டுமே பார்த்திருக்கிறது. மங்கலை என்ன செய்வது என்று அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. பரவிய மையை உண்மை என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற அலையைக் கட்டுகிறது. அதுதான் அந்த உலோக ஓசை. இரண்டு பாதிகளும் தனித்தனியே சோதித்தால் தேர்ச்சி பெறும், சேர்ந்து பேசும்போதுதான் தோற்கும்.

இதற்கு மருந்து, மங்கலான படத்தை வைத்தே வோகோடருக்கு மேற்பயிற்சி தருவது. பயிற்சிக் கோப்புகள் அனைத்துக்கும் டீச்சர் ஃபோர்சிங் முறையில் டாக்கோட்ரான் வரைந்த படங்களைச் சேமியுங்கள். கைப்பிடித்து வரைந்ததால் அவை உண்மை ஒலியோடு சட்டத்துக்குச் சட்டம் ஒத்துப்போகும். சுதந்திரமாக வரைந்த படத்தை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, ஏனென்றால் அதில் சொற்களின் நீளம் உண்மைப் பதிவோடு பொருந்தாது, வோகோடர் தவறான பாடத்தைக் கற்கும். ஒலிக் கோப்பின் பெயரே படக் கோப்புக்கும் இருக்க வேண்டும், விரிவு மட்டும் `.npy`. பிறகு:

```
python train.py --fine_tuning True --config config_v1.json --checkpoint_path UNIVERSAL_V1 --input_wavs_dir wavs --input_mels_dir ft_dataset --input_training_file training.txt --input_validation_file validation.txt
```

தொடக்கப் புள்ளியாக ஹைஃபை-கானை எழுதியவர்களே வெளியிட்டுள்ள `UNIVERSAL_V1` மாதிரியை எடுங்கள். பலர் குரலில் பயின்றது அது. மேற்பயிற்சிக்குத் தேவையான மதிப்பீட்டு வலைகளின் எடைகளும் அதனுடன் வருகின்றன. அந்த எடைகள் இல்லாத மாதிரியில் தொடங்கினால், மதிப்பிடுபவர் புதியவர், பேசுபவர் தேர்ந்தவர் என்ற நிலை உண்டாகிக் குரல் முதலில் கெட்டு, மெதுவாகத்தான் தேறும். பயிற்சி ஓடும்போது இழப்பு எண்ணை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஒதுக்கி வைத்த அதே வாக்கியத்தை அவ்வப்போது மூன்றாவது வழியில் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது வழி நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் கெட்டால், கையை விட்டதும் குழந்தை தடுமாறுகிறது என்று பொருள். சொல் விழுங்கும் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு சட்டத்தை வரையும்போதும் டாக்கோட்ரான் 2 எழுத்து வரிசையில் தான் எந்த இடத்தில் நிற்கிறது என்று விரல் வைத்துப் பார்க்கிறது. அந்த விரல் நகர்ந்த தடத்தைப் படமாக எடுக்கலாம். நல்ல வாசிப்பில் அது கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு உடையாமல் ஏறும் ஒரு சாய்கோடு. சொல்லை விழுங்கிய இடத்தில் கோடு திடீரென்று தாவியிருக்கும், திரும்பச் சொன்ன இடத்தில் பின்னால் குதித்திருக்கும்.

தமிழ் வினைச்சொற்கள் இந்த விரலுக்கு வழுக்குப் பாறைகள். ‘சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்’ என்பதைப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் 17 எழுத்துகள். அதில் ‘ண்டிரு’, ‘ந்திரு’ என்று கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும் இரண்டு இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. விரல் முதல் ‘ரு’விலிருந்து இரண்டாவது ‘ரு’வுக்குத் தாவினால் வெளியே வருவது ‘சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்’. அது பிழையற்ற தமிழ்ச் சொல். கேட்பவருக்கு எந்த உறுத்தலும் இராது, ஆனால் காலம் மாறிவிட்டது, செய்தியின் பொருளும் மாறிவிட்டது. நீங்கள் செய்தித்தாள் வாசிக்க வைக்கப் போகிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சோதிக்கும்போது வெறுமனே கேட்காதீர்கள். எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அசை அசையாக ஒப்பிட்டுக் கேளுங்கள். காது தானாகவே திருத்திக்கொள்ளும் பிழைகள் தமிழில் மிக அதிகம்.

திருத்தத்தில் மலிவானதை முதலில் செய்யுங்கள். ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் உள்ள நீண்ட அமைதியை வெட்டுங்கள். விரல் வைக்க எழுத்தே இல்லாத சட்டங்கள் அவை, அங்கேதான் அது அலையக் கற்றுக்கொள்கிறது. எழுத்துகளின் குறியீட்டையும் ஒருமுறை சீராக்குங்கள். ‘கொ’ என்பதைச் சில விசைப்பலகைகள் க-வுடன் ஒரே உயிர்க்குறியாகவும், வேறு சில கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கின்றன. திரையில் இரண்டும் ஒன்றே, வலைக்கு இரண்டு வெவ்வேறு எழுத்துகள்.

```python
import unicodedata
text = unicodedata.normalize("NFC", text)
```

இவற்றுக்குப் பிறகும் கோடு உடைந்தால் என் கருத்து வெளிப்படையானது: டாக்கோட்ரான் 2-ஐ விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் பலரும் பயன்படுத்தும் எல்.ஜே. ஸ்பீச் தொகுப்பு ஒரே குரலில் சுமார் 24 மணி நேரம். உங்களிடம் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. குறைந்த பதிவில் முதலில் ஆட்டம் காண்பது இந்த விரல்தான். ஃபாஸ்ட்பிட்ச், ஃபாஸ்ட்ஸ்பீச் 2 போன்றவற்றில் விரலே கிடையாது. ஒவ்வோர் ஒலியும் எத்தனை சட்டங்கள் நீள வேண்டும் என்று முதலில் கணித்து, அந்த எண்ணிக்கைப்படி வரைந்துவிடுகின்றன. எனவே எழுத்தைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பல மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்து ஃபாஸ்ட்பிட்ச்சையும் ஹைஃபை-கானையும் இணைத்தே தங்கள் குரல்களை வெளியிட்டது. தமிழுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ‘பாகு’வையும் ‘பாக்கு’வையும் பிரிப்பதில் நீளத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. நீளத்தைத் தனி எண்ணாகக் கணிக்கும் மாதிரியில், இரட்டிப்பு குறுகிவிட்டதா என்பதை அந்த எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். இதில் பறிபோவது ஒன்றுதான்: வாசிப்பு கொஞ்சம் சமதளமாகிவிடும், ஆசிரியை கேள்விக் குரலில் ஏற்றி நிறுத்தும் அழகு குறையும். செய்தி வாசிப்புக்கு அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி பெயர்கள். இதில் வோகோடருக்கும் பங்கில்லை, விரலுக்கும் பங்கில்லை. இது நம் எழுத்தின் இயல்பு. சொல்லின் முதலில் வரும் க, நடுவில் வரும் க, ங்-குக்குப் பின் வரும் க ஆகியவை வெவ்வேறாக ஒலிக்கும். எப்படி ஒலிக்கும் என்பதை இடமே சொல்லிவிடும். தமிழ்ச் சொற்களுக்கு இது போதும், 5 மணி நேரத்தில் வலையும் இதைக் கற்றுக்கொள்ளும். ‘பகாங்’ என்ற மலாய்ப் பெயர் சரியாக வந்தால் அதற்கும் இதுதான் காரணம். இரண்டு உயிர்களுக்கு நடுவே க மென்மையாகி ஹ-வை நெருங்குகிறது, மலாய்ப் பெயரிலும் அங்கே ஹ-தான் இருக்கிறது. ஆனால் ‘காஜா’வில் முதல் க-வே கஜம் என்று சொல்லும்போது வரும் ஒலி. முதலில் வரும் க வல்லோசை என்று கற்ற வலை ‘காலை’ போலத் தொடங்கிவிடுகிறது. ‘கம்போங்’கில் மலாய்க்காரர் சொல்வது வல்லோசை ப. ம்-முக்குப் பின் வரும் ப மெலியும் என்று கற்ற வலை ‘அம்பு’ போல மென்மையாக்கிவிடுகிறது. இரண்டிலும் வலை பிழை செய்யவில்லை, கற்ற விதியைத்தான் பின்பற்றுகிறது.

ஆகவே எழுத்தை நேரடியாகக் கொடுக்காமல் ஒலிக்குறிகளாக மாற்றிக் கொடுங்கள். பெரும்பாலான சொற்களுக்கு விதிகள் போதும். விதிக்கு அடங்காதவற்றுக்கு ஒரு சிறிய அகராதி வைத்து, அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்:

```python
sol = {
    "காஜா":   "g aa j aa",
    "கம்போங்": "k a m p oo ng",
    "பாரம்":   "b aa r a m",
}
```

தமிழில் பெயர் தனியாக நிற்பதில்லை. ‘காஜாவுக்கு’, ‘கம்போங்கில்’ என்று வேற்றுமை ஏறி வரும். அதனால் அகராதிச் சொல்லோடு சொல்லின் தொடக்கம் பொருந்துகிறதா என்று பார்த்து, மிச்சத்தை விதியிடம் விட வேண்டும். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ‘பாரம்’ என்ற சுமை அகராதியில் இருந்தால், ‘பாரம்பரியம்’ வரும்போது முதல் பாதி அதோடு பொருந்திவிடும், பாரம்பரியம் சுமையின் ஒலியில் தொடங்கும். எனவே நீளமான பொருத்தத்துக்கே முன்னுரிமை கொடுத்து, ‘பாரம்பரியம்’ என்பதையும் அகராதியில் தனியாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு மாதச் செய்தித்தாள் உரையை இந்த அகராதியில் ஓட்டி, எந்தெந்தச் சொல் எதனுடன் பொருந்தியது என்று பட்டியல் எடுத்து ஒருமுறை கண்ணால் பார்த்தால் இத்தகைய குழிகள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அகராதியை எழுதுவதற்கு முன் ஆசிரியை அந்தப் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று பதிவில் தேடிக் கேளுங்கள். நம் தோட்டத்து மூத்தவர்கள் பலர் மலாய்ப் பெயர்களைத் தமிழ் ஓசையில்தான் சொல்லிப் பழகியவர்கள். அவர் ‘கம்போங்’கை மென்மையாகச் சொல்லியிருக்க, அகராதியில் நீங்கள் வல்லோசைக் குறியைப் போட்டால், வலைக்கு ஒரே குறியில் இரண்டு ஓசைகள் காட்டப்படும். விளைவு அந்தப் பெயரோடு நிற்காது. ‘பணம்’, ‘பால்மரம்’ என்று எங்கெல்லாம் அந்தக் குறி வருகிறதோ அங்கெல்லாம் ஓசை குழையத் தொடங்கும். பயிற்சி உரைக்கு அவர் உண்மையில் எப்படிச் சொன்னாரோ அப்படி எழுதுங்கள். வாசிக்கப்போகும் செய்திக்கு எப்படி ஒலிக்க வேண்டுமோ அப்படி எழுதுங்கள். இரண்டுக்கும் தனித்தனி அகராதி வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இவற்றையெல்லாம் முடித்த பிறகு ஆசிரியையிடம் ஒரே ஒரு பிற்பகல் கேளுங்கள். 5 மணி நேரப் பதிவில் ஒரு தடவை கூட வராத ஊர்ப் பெயர்களையும் சொல்லின் முதலில் மெல்லோசை வரும் சொற்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு இரண்டு வாக்கியங்களில் வரும்படி எழுதிக் கொடுங்கள். தனிச் சொல்லாக வாசிக்க வைக்காதீர்கள், பட்டியல் வாசிக்கும் ஏற்ற இறக்கம் குரலில் ஒட்டிக்கொள்ளும். அதே மைக், அதே அறை, வாயிலிருந்து அதே தூரம். மழை தொடங்கினால் நிறுத்திவிட்டு, தேநீர் குடித்து, கூரை அமைதியான பிறகு தொடருங்கள்.